வேலுத்தாய் புதுப்பிக்காத லைசென்ஸ்

உலகம்மாள் மண்ணை வாரித் தூற்றியபோது வேலுத்தாய் எடைத் தராசுக்கு முன்னால் காய்ச் சாக்கோடு நின்றாள். சாயங்காலம் ஏலக்காய் எடை போடுகிற நேரம். ஆனைக்கரைத் தோட்டத்தில் அந்த நேரத்துக்குத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சனம் முழுக்கத் தராசடியில்தான் இருக்கும். அத்தனை பேர் பார்க்க, முகத்திலும் தலையிலும் ஈரமண் விழுந்தது.

“எம்புருசன் சாவுல கமிசன் தின்னவளே, நீ வெளங்குவியாடி? ஒன் வயித்துல பூச்சி புழு தங்குமாடி?”

உலகம்மாள் அயலாள் இல்லை. வேலுத்தாயின் அப்பனுக்கு உடன்பிறந்த தம்பி சோலை. சோலை கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள் உலகம்மாள். தாயில்லாப் பிள்ளைகளான ஆனந்திக்கும் வேலுத்தாய்க்கும் பேன் பார்த்து, எண்ணெய் தேய்த்து, மூத்தவள் ஆனந்தி கல்யாணத்தில் தாயார் ஸ்தானத்தில் நின்று விளக்கெடுத்தவளும் அவளேதான். அந்தக் கை மண்ணை அள்ளுகிறதென்றால் வயிறு எப்படி எரிந்திருக்க வேண்டும்.

எரியத்தான் செய்தது. சோலை மார்ச்சளி முற்றிச் செத்து நாலைந்து மாதம். பாலிசி போட்டு ஒன்றரை வருசம்கூட ஆகவில்லை. அன்றைக்குக் கம்பெனியிலிருந்து கடுதாசி வந்தது. சோலைக்கு முன்னமே நெஞ்சு நோவுக்கு வைத்தியம் நடந்திருக்கிறது, பாலிசிப் படிவத்தில் நோயொன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறது, ஆகவே தொகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பாலிசி போட்ட ஏஜென்ட் வேலுத்தாய். படிவத்தின் அடியில் இருந்ததும் அவள் கையெழுத்து.

ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பியது அவளில்லை. நிரப்பிய ஆள் பத்தடி தள்ளி, மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். முனீஸ்வரன். ஆனந்தியின் புருசன், வேலுத்தாய்க்கு அத்தான். சர்க்கார் ஆபீசில் கிளார்க்கு.

உலகம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். “மாப்ள, நீங்கதான அன்னைக்கு வீட்டுக்கு வந்து எழுதுனீக? அவருக்கு இருமல் இருக்குனு நான் சொல்லலையா?”

முனீஸ்வரன் சாவியைத் துண்டில் துடைத்தான். “நான் சர்க்கார் வேலைக்காரன், சின்னத்தை. எனக்கும் இன்சூரன்சுக்கும் என்ன? ஏஜென்டு அது. கையெழுத்து அதோடது. எதுனாலும் அதுகிட்டக் கேளுங்க.”

வேலுத்தாய் வாயைத் திறந்தாள். அப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினார். “அக்கா வாழ்க்கைடி,” என்றார் காதோரம். அவள் வாயை மூடிக்கொண்டாள். மண் மட்டும் உதட்டில் கரகரத்தது. அந்தக் கரகரப்பைத் துப்பாமல் விழுங்கினாள். அன்றைக்கு விழுங்கியது பிறகு வெகுகாலம் அவளுக்குள் கிடந்தது.

இந்த ஏஜென்ட் வேலை அவளுக்கு வந்த விதம் இது. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆக முடியாது. ஆனால் லயத்துக்கு லயம் சொந்தக்காரர்கள் உள்ளவன், பேச்சில் தேன் ஒழுகுகிறவன் முனீஸ்வரன்; அந்த வருமானத்தை விட அவனுக்கு மனசில்லை. அந்தப் பக்கத்தில் அதற்கொரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்பிள்ளை பேரில் ஏஜென்சி எடுத்து, வேலையை ஆம்பளை பார்ப்பது. பெண்டாட்டி பேரில், மச்சினி பேரில், மருமகள் பேரில். ரேஷன் கார்டில் யார் பேர் இருந்தால் என்ன, அரிசி வீட்டுக்குத்தானே வருகிறது என்பார்கள். ஆனந்தி எட்டாவதோடு நின்றவள். லயத்தில் பிளஸ் டூ முடித்த பெண் வேலுத்தாய் ஒருத்திதான். கம்பெனியில் ஏஜென்ட்களைச் சேர்க்கிற மலையாள அதிகாரி பிஜு, முனீஸ்வரனுக்கு இருபது வருசக் கூட்டாளி. அவன்தான் யோசனை சொன்னவன்.

அன்றைய சட்டப்படி பரீட்சைக்கு முன்னால் ஐம்பது மணி நேரம் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். கட்டப்பனையில் நடக்கிற வகுப்புக்கு அவள் போகவே வேண்டாம் என்றான் முனீஸ்வரன். வருகைப் பட்டியலில் அவன் சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள், பயிற்சிச் சான்றிதழ் வந்தது. பரீட்சையில்தான் அந்த வித்தை நடக்கவில்லை. கோட்டயத்தில் கம்ப்யூட்டர் முன்னால் போட்டோ பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள். ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம், பாதியாவது சரியாக வேண்டும். ஆகவே புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டான். ஸ்டோரில் காய் உலர்த்துகிற சூட்டில் உட்கார்ந்து அவள் அதைப் படித்தாள். தமிழிலேயே பரீட்சை எழுதித் தேறினாள். முனீஸ்வரன் ஜிலேபி வாங்கி, தான் பாஸானதுபோல லயம் முழுக்கக் கொடுத்தான்.

லைசென்ஸ் வந்தது. அவள் போட்டோ, அவள் பேர். மூன்று வருசத்துக்குச் செல்லும். அதை அவள் கையில் ஒருதரம் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வரச்சொல்வான். வெற்றுப் படிவங்களைக் கட்டாக நீட்டுவான். அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கவும் ஆனந்தி கறிச்சோறு போடவும் சரியாக இருக்கும். கமிஷன் அவள் பேரில் பாங்கில் விழும், ஏடிஎம் அட்டை அவனிடம் இருக்கும். அந்தக் காசில் குமுளி ரோட்டோரம் முனீஸ்வரன் வீடு கட்ட ஆரம்பித்தான்.

மண் விழுந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. படிவக் கட்டும் வந்தது. வேலுத்தாய் முன்போலவே கையெழுத்துப் போட்டாள், ஒரு வித்தியாசத்தோடு. ஒவ்வொரு படிவத்தையும் நிரப்பிய பிறகுதான் போடுவேன் என்றாள்.

“என்ன புதுசா?” என்றான் முனீஸ்வரன்.

“மண்ணு ருசி பாத்தவ, அத்தான். இன்னொரு வாய் வேண்டாம்னு பாக்கேன்.”

அவன் சிரித்தான். ஆனந்தி கறிக்குழம்பு ஊற்றினாள். வேலுத்தாய் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, பீரோ திறந்திருந்த நேரத்தில் லைசென்ஸில் முடிவு தேதி எது என்று பார்த்து வைத்துக்கொண்டாள்.

பகையை ஆறப்போடுகிறவர்கள் உண்டு. கொதிக்கக் கொதிக்கக் கொட்டிவிடுகிறவர்களும் உண்டு. வேலுத்தாய் அடுப்பில் ஏலக்காய் உலர்த்திப் பழகியவள். ஏலக்காய்க்குத் தீ அதிகமானால் வெடிக்கும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். ஒரே சூட்டில் வைத்திருக்க வேண்டும். அவள் அப்படித்தான் வைத்திருந்தாள். உலகம்மாள் எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போவாள். குழாயடியில் பெண்கள் குடத்தை நகர்த்தி வைப்பார்கள். அவள் தன் முறை வரும்வரை நின்று குடத்தை நிரப்பிக்கொண்டு போவாள்.

லைசென்ஸ் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பிஜு போன் செய்தான். “வேலுத்தாயே, ரினியூவல் வருது கேட்டோ. இருபத்தஞ்சு மணி நேரம் டிரெயினிங் இருக்கணும். இப்ப சென்டர்ல தினமும் போட்டோ எடுக்குறாங்க. ஆள் நேர்ல வந்தே ஆகணும்.”

“வாரேன் சார்,” என்றாள். குரலில் அத்தனை பணிவு.

கட்டப்பனை வகுப்பில் ஒரு மணி நேரம்கூட விடாமல் உட்கார்ந்தாள். பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்ற மானேஜர். மலையாளத்தில் சொல்லி, லயத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று தமிழிலும் சொல்வார். லைசென்ஸ் புதுப்பிப்பதைப் பற்றிப் பேசுகிற அன்று வேலுத்தாய் முன்வரிசைக்கு வந்தாள். அவர் சொன்னது இது. மனு, லைசென்ஸ் முடிய முப்பது நாளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் சாதாக் கட்டணம். அதற்குப் பிந்தினால் நூறு ரூபாய் அபராதம். தேதி தாண்டிவிட்டால் மனுவையே எடுக்க மாட்டார்கள். ஏஜென்டுக்குப் பெரிய கஷ்டம் வந்து தடைப்பட்டது என்று மேலிடத்துக்குத் தோன்றினால், கூடுதல் அபராதத்தோடு விதிவிலக்காக எடுக்கலாம். இல்லையென்றால் புது ஆள்போல முதலிலிருந்து வகுப்பு, பரீட்சை.

“சார், ஆபீசுல முந்தின நாள் தேதி போட்டு சீல் வச்சு வாங்கிக்கிட்டா?” என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். “அதொக்கெ பழைய காலம். இப்ப கம்ப்யூட்டர்ல ஏத்தணும். தேதி முடிஞ்சா அது உள்ள விடாது. சீல் தேதியைப் பின்னால தள்ளலாம், கம்ப்யூட்டரைத் தள்ள முடியாது.”

“அப்ப அந்த ஏஜென்டு போட்ட பழைய பாலிசிக்கு வர்ற கமிசன்?”

“அஞ்சு வருசம் தொடர்ச்சியா வேலை பாத்திருக்கணும். மூணு வருசத்துல நின்னா ஒண்ணும் கிடையாது.”

வேலுத்தாய் அன்றைக்குக் கட்டப்பனை பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்து ஒரு பழம்பொரி வாங்கித் தின்றாள். சோலை செத்த பிறகு ருசித்துத் தின்ற முதல் பண்டம் அது.

பயிற்சிச் சான்றிதழை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். முனீஸ்வரன் புதுப்பிப்பு மனுவோடு வந்தான். பேனாவை மூடி திறந்தே நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“கையெழுத்துப் போடுறேன் அத்தான். மொதல்ல நீங்க ஒரு காரியம் செய்யணும். தராசடியில, சனம் பூரா இருக்கையில, உலகம்மா சித்திகிட்டச் சொல்லணும். சித்தப்பன் இருமலை மறைச்சு எழுதுனது நான்தான்னு.”

முனீஸ்வரன் முகம் கறுத்தது. பிறகு சிரிப்பு வந்தது. “ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. சொன்னா எம் பொழப்பு என்னாகும்? சர்க்கார் வேலை போயிரும்.”

“லயத்துல யாரு மொட்டக் கடுதாசி போடப் போறா? எழுதத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.”

“மிரட்டுறியா?”

“கேக்கேன்.”

அவன் மனுவை மடித்துப் பையில் வைத்தான். “பாக்கலாம். மச்சினிதான நீ. எங்கிட்டு ஓடிருவ?”

முப்பது நாள் கெடு தாண்டியது. நூறு ரூபாய்தானே, போகட்டும் என்றான். ஆனந்தியை அனுப்பினான். அவள் வாசலில் நின்றே பேசினாள், செருப்பைக் கழற்றவில்லை.

“வீடு நெலை மட்டத்துக்கு எந்திரிச்சு நிக்குதுடி. தளம் போட இந்தக் கமிசனைத்தான் நம்பியிருக்கோம். கூடப் பொறந்தவ கூரையை நீயே பிடுங்குவியா?”

“ஒனக்குக் கூரை. சித்திக்குப் புருசன். எனக்குப் பேரு. மூணையும் ஒரே ஆளுதான் கையில வச்சிருக்காரு. அவருகிட்டக் கேளு.”

“நீ தின்ன கறிச்சோத்துக்கு இதா நன்றி?”

“தின்னதுக்குத்தான் மூணு வருசம் கையெழுத்துப் போட்டனே. கணக்கு நேராயிருச்சு.”

ஆனந்தி போனாள். அப்பன் ஒருநாள் பட்டினி கிடந்து பார்த்தார். அவளும் கூடவே பட்டினி கிடந்தாள். மறுநாள் காலையில் அவரே எழுந்து கஞ்சி காய்ச்சினார். பிறகு பிஜு வந்தான். லயத்துப் படியில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்தான்.

“இது குடும்பக் காரியம், எனக்குத் தெரியும். ஆனா உன் பேர்ல எத்தனை பாலிசி இருக்கு தெரியுமோ? எல்லாம் அநாதை ஆயிடும்.”

“அநாதை ஆகாது சார். கம்பெனி இருக்குல்ல. பிரீமியம் கட்டுனா பாலிசி ஓடும். கமிசன்தான ஓடாது? ஒங்க வகுப்புலதான் சொன்னாங்க.”

பிஜு அவளை ஏற இறங்கப் பார்த்தான். சாயா பாதிதான் குடித்தான். போகும் வழியில் முனீஸ்வரனிடம் சொன்னது இவ்வளவுதான்: “கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வா. எப்ப வேணும்னாலும் வா. ஆபீஸ் அடைச்சாலும் பரவால்ல. முந்தின தேதி போட்டு, மனு வந்து சேந்ததுக்கு இன்வேர்டு சீல் நான் வச்சுத் தரேன். எத்தனை வச்சிருக்கேன் உனக்கு.”

அந்தச் சீலில் முனீஸ்வரனுக்குக் கடவுளைவிட நம்பிக்கை. பிந்திய மனுவெல்லாம் முந்தியதாக அதுதான் ஆக்கித் தந்திருக்கிறது; மனுவை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பது அவன் கணக்கிலும் இல்லை, பிஜு கணக்கிலும் இல்லை. ஆகவே கடைசி நாள்வரை இழுத்தடித்தான், வேலுத்தாய் இளகுவாள் என்று. அவள் இளகவில்லை. கடைசி நாள் சாயங்காலம் வெற்றிலை போடாத வெறும் வாயோடு தராசடிக்கு வந்து நின்றான்.

சனம் இருந்தது. வேலுத்தாயே உலகம்மாளை அழைத்துவரச் சொல்லி ஆள் விட்டிருந்தாள். உலகம்மாள் வந்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. கையில் இன்னொரு பிடி மண் இருந்ததாகவும் சொல்வார்கள்.

முனீஸ்வரன் கனைத்தான். “சின்னத்தை, அன்னைக்கு அந்தப் படிவம்...”

“சத்தமாச் சொல்லுங்க அத்தான். பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல.”

“படிவத்தை எழுதுனது நான். சோலை மாமா இருமலைச் சொன்னாரு. நோய்னு எழுதுனா டாக்டர்கிட்டப் போகச் சொல்லுவாங்க, பாலிசி நின்னுபோகும்னு நான்தான் இல்லைன்னு போட்டேன். வேலுத்தாய்க்குத் தெரியாது. அது வெத்துத்தாள்ல கையெழுத்துப் போட்டது.”

காய் எடை போடுகிறவன் தராசை நிறுத்திவிட்டான். உலகம்மாள் முனீஸ்வரனுக்கு முன்னால் வந்து நின்று, கண்ணெடுக்காமல் பார்த்து, கேட்டாள்: “அன்னைக்கு எம் மவ மேல என்னையவே மண்ணடிக்க விட்டுட்டு வண்டியில சாஞ்சு நின்னீகளே மாப்ள. வண்டி சூடா இருந்துச்சா, குளிர்ச்சியா இருந்துச்சா?”

ஒரு கிழவன் சிரித்தான். பிறகு இன்னொருவன். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அடியைவிட அந்தச் சிரிப்பு முனீஸ்வரனுக்கு உறைத்தது. பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினான். வேலுத்தாய் சாக்கின்மேல் வைத்து, அவசரமில்லாமல், முழுப்பேரும் தெளிவாகக் கையெழுத்திட்டாள். ரவிக்கையிலிருந்து பயிற்சிச் சான்றிதழையும் எடுத்துக் கொடுத்தாள். வாக்குத் தவறவில்லை.

அவன் வண்டி மலை வளைவில் மறைகிறவரை பார்த்தாள். கட்டப்பனைக்குப் போய்ச் சேர்கையில் ஆபீஸ் இருட்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிஜு காத்திருப்பான் என்றும் தெரியும். சீல் வைப்பான் என்றும் தெரியும்.

மறுநாள் மதியத்துக்கு முன்பே பிஜு போன் வந்தது. குரலில் ஈரமில்லை. “கம்ப்யூட்டர் எடுக்கல. லைசென்ஸ் தீர்ந்துபோச்சுன்னு காட்டுது. இனி ஒரே வழி. பெரிய கஷ்டம் வந்ததால மனு தர முடியலன்னு நீ மேலிடத்துக்கு ஒரு கடுதாசி எழுதணும்.”

“எழுதலாம் சார். என்ன கஷ்டம்னு எழுத?”

“உடம்பு சரியில்லன்னு எழுது. ஆஸ்பத்திரில கிடந்தேன்னு.”

“நல்லாத்தான இருந்தேன். இல்லாத நோயை இருக்குனு எழுதணுமா? போன தடவை இருந்த நோயை இல்லைன்னு எழுதித்தான் சித்தி தெருவுல நிக்கா. எனக்கு ஒரு கஷ்டமும் வரல சார். வேணும்னா அத்தான் பேர்ல எழுதச் சொல்லுங்க. லைசென்ஸ் அவரு பேர்லயா இருக்கு?”

போனை வைத்தாள். முனீஸ்வரன் நேரில் வந்து கத்தினான். “தெரிஞ்சுதான என்னைய அத்தனை பேர் முன்னால பேசவச்ச? தேதி போயிரும்னு தெரிஞ்சுதான?”

“கையெழுத்துப் போடுறேன்னுதான் சொன்னேன். போட்டேன். ஆபீசுல எடுப்பாங்கனு எப்பச் சொன்னேன்?”

“பாவி.”

“ஏஜென்டு நான். கையெழுத்து என்னோடது. எதுனாலும் எங்கிட்டக் கேளுங்க அத்தான்.”

அவன் சொன்ன அதே வார்த்தைதான். அது ஞாபகம் வர, அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

கமிஷன் நின்றது. குமுளி ரோட்டு வீடு நிலைக்கு மேலே எழும்பவில்லை. முதல் மழைக்கே ஜன்னல் ஓட்டையில் பெரணிச் செடி முளைத்தது. ஆனந்தி தங்கச்சி வீட்டுத் திசையிலேயே திரும்பவில்லை. அப்பன் சாவுக்கு வந்தவள் தலைமாட்டில் அழுதாள், வேலுத்தாயைத் தொட்டு அழவில்லை. வேலுத்தாய் அதற்கும் அழவில்லை. சோலை செத்த காசு உலகம்மாளுக்கு வரவும் இல்லை. ஆனால் குழாயடியில் குடத்தை நகர்த்தி வைத்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்ப இழுத்து வைத்தார்கள். உலகம்மாள் ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, அவள் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துத் தேய்த்தாள். மண் விழுந்த இடத்தில் கை கொஞ்சம் நின்றது.

அடுத்த வருசம் வேலுத்தாய் வேறொரு கம்பெனியில் புது ஆளாகச் சேர்ந்தாள். ஐம்பது மணி நேரமும் வகுப்பில் உட்கார்ந்தாள், கோட்டயம் போய் மறுபடி பரீட்சை எழுதினாள், இரண்டாம் லைசென்ஸைத் தன் டிரங்குப் பெட்டியில் தானே பூட்டினாள். இருமல் என்றால் இருமல் என்றே எழுதுவாள். டாக்டர் பார்க்கட்டும் என்பாள். பிரீமியம் கூடும், சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள், போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வருவார்கள். இப்போது சட்டம் மாறிவிட்டது. மூன்று வருசத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிற வேலை இல்லை. கம்பெனியே நியமனம் கொடுக்கிறது, அதை ரத்துச் செய்கிறவரை ஓடும். பயிற்சியும் பரீட்சையும் மட்டும் புது ஆளுக்கு உண்டு.

ஆபீஸ் போட அவள் தேடிப் பிடித்த அறை குமுளி ரோட்டில் இருக்கிறது, நிலையோடு நின்றுபோன அந்த வீட்டுக்கு நேர் எதிரே. வாடகை அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலம் விடுகிற மையத்துப் பக்கம் இதைவிட மலிவாக நல்ல அறை கிடைக்கும் என்றும் சொன்னார்கள்.

“எனக்கு இந்த இடந்தான் வேணும்,” என்றாள்.

முனீஸ்வரன் பென்ஷனாகிவிட்டான். தினமும் பால் வாங்க அந்த வழிதான் போகவேண்டும். ஒரு பக்கம் பெரணி முளைத்த சுவர், மறு பக்கம் பெரிய எழுத்தில் வேலுத்தாய் என்று பலகை. தலையைக் குனிந்துகொண்டு போவான். அவன் வருகிற நேரம் தெரிந்து வேலுத்தாய் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்காருவாள். அவன் பால் வாங்கித் திரும்புகிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.